எழுத்து வெட்டுப்படாத விளம்பரப் படம்: பழவேற்காட்டு மீன் விற்பனையாளருக்கு முழுமையான வழிகாட்டி

பழவேற்காடு ஏரியில் பிடிபடும் சேற்று நண்டுக்குச் சென்னையில் வாங்க ஆள் உண்டு. தூரம் 60 கிலோமீட்டர்தான். கோட்டைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ இருக்கும் ஒரு குடும்பம் காலையில் நண்டைக் கட்டி வைத்து, படம் எடுத்து, விலையும் போன் எண்ணும் எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், வியாபாரி இல்லாமலே மதியத்துக்குள் விற்றுவிட முடியும். ஆனால் அந்தப் போன் எண் படத்தின் அடியில் இருந்து, அதன் மேல் பதில் அனுப்பும் பட்டை வந்து உட்கார்ந்துவிட்டால் வாங்க வருபவரால் கூப்பிட முடியாது. நண்டு மறுநாள் வரை காத்திருக்காது.

இந்த வழிகாட்டி அதற்காகத்தான். ஒரே ஒரு நண்டு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றிலும் எழுத்து சிதையாமல் போடுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். இறால், கருவாடு, பனை ஓலைப் பெட்டி என எதை விற்பவருக்கும் கணக்கு இதுவே.

## முதலில்: எழுத்து எப்படிக் காணாமல் போகிறது?

இரண்டு வழிகளில் போகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தீர்வு புரியும்.

ஒன்று, வெட்டுப்படுவது. நீங்கள் போட்ட படத்தின் வடிவமும் செயலி காட்டும் சட்டத்தின் வடிவமும் ஒன்றாக இல்லை என்றால், செயலி ஓரங்களை நறுக்கிவிடும். பெரும்பாலும் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு மேலும் கீழும், அல்லது இடமும் வலமும், சமமாக வெட்டும்.

இன்னொன்று, மறைக்கப்படுவது. படம் முழுதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் மேல் செயலியின் சொந்தப் பொருள்கள் வந்து நிற்கும். மேலே உங்கள் பெயரும் நேரக்கோடும், கீழே பதில் எழுதும் பட்டையும் தலைப்பு வரியும், வலப்பக்கம் இதயம், கருத்து, பகிர்வு ஆகிய பொத்தான்களும் இருக்கும். படத்தைச் செய்யும்போது இவை எதுவும் திரையில் தெரியாது. போட்ட பிறகுதான் தெரியும்.

வெட்டுப்படுவதைச் சரியான அளவு தேர்ந்தெடுத்துத் தவிர்க்கலாம். மறைக்கப்படுவதை அப்படித் தவிர்க்க முடியாது. எழுத்தை அந்தப் பொருள்கள் வராத இடத்தில் வைப்பதுதான் வழி. அந்த இடத்தை டிசைன் வேலை செய்பவர்கள் சேஃப் ஸோன் என்பார்கள். நாம் பத்திரக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

## தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள்

படத்தின் அளவைப் பிக்சலில் சொல்வார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். நண்டு விற்பவருக்குத் தேவையானவை இவ்வளவுதான்:

- வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ஸ்டோரி, ரீல்ஸ், ஃபேஸ்புக் ஸ்டோரி, யூடியூப் ஷார்ட்ஸ்: 1080 × 1920. நெட்டையான சட்டம்.
- இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவு: 1080 × 1350. நெட்டையும் இல்லை, சதுரமும் இல்லை.
- வாட்ஸ்அப் பிசினஸின் பொருள் பட்டியல்: 1080 × 1080. சதுரம்.
- யூடியூப் வீடியோவின் முகப்புப் படம்: 1280 × 720. படுக்கைவாட்டுச் சட்டம்.

இதில் ஒரு புது மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் படங்கள் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும் அல்லவா? முன்பு அவை சதுரமாக இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து அவை அகலம் 3, உயரம் 4 என்ற கணக்கில் நெட்டையாகிவிட்டன. 1080 × 1350 படத்தை அந்தக் கட்டத்தில் காட்டும்போது இரு ஓரத்திலும் ஏறக்குறைய 34 பிக்சல் போகும். சதுரப் படம் போட்டால் இரு ஓரத்திலும் 135 பிக்சல் போகும். அதாவது படத்தின் கால் பகுதி. பழைய வழிகாட்டிகள் இன்ஸ்டாகிராமுக்குச் சதுரமே நல்லது என்று சொல்லும். அதை இப்போது பின்பற்ற வேண்டாம்.

## எல்லா இடத்துக்கும் ஒரே பத்திரக் கட்டம்

ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக விளம்பரம் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. ஒரே ஒரு நெட்டையான தாய்ப் படம் செய்து, அதிலிருந்தே மற்றவற்றை வெட்டி எடுப்பது சுலபம். அதற்கு, எங்கே போட்டாலும் தப்பிக்கும் ஒரு கட்டத்தைத் தாய்ப் படத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு இப்படி வருகிறது. இருப்பவற்றில் கெடுபிடி அதிகமானது ரீல்ஸ். அங்கே விளம்பரம் செய்பவர்களுக்கு மெட்டா நிறுவனம் தரும் அளவு இது: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கவாட்டில் 6 சதவீதம் எழுத்தில்லாமல் விடவேண்டும். 1920 உயரத்தில் இது மேலே சுமார் 270 பிக்சல், கீழே சுமார் 670 பிக்சல். ஸ்டோரிக்கு இவ்வளவு தேவையில்லை. மேலே 250, கீழே 340 விட்டால் போதும். ஆகவே ரீல்ஸில் தப்பிப்பது ஸ்டோரியிலும் தப்பிக்கும்.

அடுத்து, யாராவது தாய்ப் படத்தின் நடுவிலிருந்து ஒரு சதுரத்தை எடுத்தால் மேலே 420 பிக்சல் போகும். அதையும் சேர்த்துக்கொண்டு, எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கினால் கிடைப்பது:

- மேலே 420 பிக்சல் காலி
- கீழே 680 பிக்சல் காலி
- இடமும் வலமும் 70 பிக்சல் காலி
- மீதமுள்ள பத்திரக் கட்டம்: அகலம் 940, உயரம் 820

இந்த வழிகாட்டியில் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். எழுத்து அத்தனையும் இந்தக் கட்டத்துக்குள் இருக்கட்டும். படம் மட்டும் சட்டம் முழுவதும் பரவட்டும். ஓரம் வெட்டுப்பட்டால் கொஞ்சம் வானம் போகும், கொஞ்சம் தண்ணீர் போகும். செய்தி போகாது.

## படி 1: போனைத் தொடும் முன் செய்தியைத் தாளில் எழுதுங்கள்

வாங்குபவருக்குத் தேவை ஐந்து விவரங்கள்: என்ன பொருள், என்ன விலை, எந்த நாள் எந்த நேரம், எங்கே, யாரைக் கூப்பிடுவது. இவற்றை ஆறு வரிக்குள் அடக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை இப்படி இருக்கும்:

1. உயிர் நண்டு
2. பழவேற்காடு ஏரியில் பிடித்தது
3. கிலோ விலை
4. இன்று காலை 8 முதல் 12 வரை
5. கோட்டைக்குப்பம்
6. பத்து இலக்கப் போன் எண்

"புத்தம் புதிய", "தரமான", "உடனே அழையுங்கள்" போன்றவற்றை விட்டுவிடுங்கள். தமிழில் சொற்கள் நீளமானவை. ஒரு வரி கூடினால் மற்ற எல்லா வரியும் சிறுக்க வேண்டியிருக்கும். சிறுத்த எழுத்தை வெயிலில் நின்று பார்ப்பவரால் படிக்க முடியாது.

இங்கேயே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள். ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அன்றைய விலை, அன்றைய நேரம் போட ஏற்ற இடம் அவை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவுகள் மாதக்கணக்கில் நிற்கும். அவற்றில் விலையும் "இன்று" என்ற சொல்லும் இருந்தால், மூன்று வாரம் கழித்துப் பார்ப்பவர் பழைய விலைக்குக் கேட்டு வருவார். பதிவுக்குப் போகும் படத்தில் 3, 4-ஆம் வரிகளை எடுத்துவிட்டு, "அன்றைய விலைக்கு அழைக்கவும்" என்று ஒரே வரி போடுங்கள்.

## படி 2: காலி இடம் விட்டுப் படம் எடுங்கள்

போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நண்டுக் கூடையைத் திரை நிறைய எடுக்க வேண்டாம். ஓர் அடி பின்னால் வாருங்கள். நெட்டையான சட்டத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்கும் கீழ் மூன்றில் ஒரு பங்கும் எழுத்துக்கு உதவாது என்று கணக்கில் பார்த்தோம். அந்த இரண்டு பகுதியிலும் முக்கியமில்லாத எதுவும் இருக்கலாம்.

ஏரிக்கரைக் கிராமங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது, பரந்தது. கரையில் நின்று எடுத்தால் மேலே வெறும் வானமும் கீழே வெறும் தண்ணீரோ சேறோ தானாகவே கிடைக்கும். நண்டோ படகோ திரையின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே வருமாறு வையுங்கள். மேலே வானம் வெட்டுப்படும், கீழே தண்ணீர் மறைக்கப்படும். இரண்டாலும் நட்டமில்லை.

நேரத்தைக் கவனியுங்கள். உச்சி வெயிலில் வானமும் தண்ணீரும் ஒருசேர வெளுத்துப்போகும். அதன் மேல் வெள்ளை எழுத்து தெரியவே தெரியாது. காலை 8 மணிக்கு முன் எடுங்கள். முடியாவிட்டால், பத்திரக் கட்டத்தின் அளவுக்கே ஓர் அடர்நீலப் பலகையைப் படத்தின் மேல் வைத்து, அதன் மேல் வெள்ளையில் எழுதுங்கள்.

போன் கேமரா சாதாரணமாக 3-க்கு 4 என்ற வடிவத்தில் எடுக்கும். அது 9-க்கு 16 என்ற நெட்டைச் சட்டத்தை நிரப்பாது. கேமரா அமைப்பில் 9:16 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லை என்றால் கவலை வேண்டாம். படத்தை உயரம் நிரம்பும்வரை பெரிதாக்கும்போது இரு பக்கமும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அதனால்தான் ஓர் அடி பின்னால் வரச் சொன்னது.

## படி 3: சட்டத்தையும் கட்டத்தையும் ஒருமுறை செய்து வையுங்கள்

கேன்வா, பிக்ஸல்லேப் இரண்டும் நம் ஊர்களில் பழக்கமான செயலிகள். எதில் செய்தாலும் முறை ஒன்றுதான். கேன்வாவில் என்றால்:

1. `Custom size` என்பதைத் தொட்டு, அகலம் 1080, உயரம் 1920 என்று கொடுங்கள். அலகு `px` என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது செ.மீ. என்று இருந்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.
2. ஒரு செவ்வகத்தை வைத்து, அதை 940 அகலம், 820 உயரம் வரும்வரை இழுங்கள். கணினியில் எண்ணைத் தட்டியே கொடுக்கலாம். போனில் எண் வராவிட்டால் கண்ணளவு போதும்: அகலம் ஏறக்குறைய முழுவதும், உயரம் பாதிக்குச் சற்றுக் குறைவு.
3. செவ்வகத்தை மேலிருந்து 420, இடமிருந்து 70 என்ற இடத்தில் நிறுத்துங்கள். கண்ணளவில், செவ்வகத்துக்கு மேலே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும், கீழே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும் இருக்க வேண்டும்.
4. அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து, பாதி ஊடுருவித் தெரியும்படி மங்கலாக்குங்கள். பிறகு அசையாமல் பூட்டிவிடுங்கள்.
5. இந்த வடிவமைப்புக்கு "கட்டம்" என்று பெயரிட்டுச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் இதைப் பிரதி எடுத்து வேலை செய்யுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

எழுத்தை முடித்து, படத்தைப் பதிவிறக்கும் முன் சிவப்புக் கட்டத்தை நீக்க வேண்டும். மறப்பது சகஜம். ஆகவே தெளிவான சிவப்பாக வைத்தால் மறந்தாலும் உடனே கண்ணில் படும்.

## படி 4: ஆறு வரியைக் கட்டத்துக்குள் அடுக்குங்கள்

இப்போது 820 பிக்சல் உயரத்தை ஆறு வரிக்கும் பங்கு போட வேண்டும். எல்லா வரியும் ஒரே உயரத்தில் இருந்தால் எது முக்கியம் என்று தெரியாது. இப்படிப் பிரிக்கலாம்:

- உயிர் நண்டு: 170
- பழவேற்காடு ஏரியில் பிடித்தது: 80
- கிலோ விலை: 145
- நாள், நேரம்: 80
- இடம்: 80
- போன் எண்: 130

மொத்தம் 685. மீதமுள்ள 135 பிக்சலை ஐந்து இடைவெளிக்கும் 27 வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். இவை வரியின் உயரங்கள், எழுத்தின் எண் அல்ல. எழுத்து அளவை ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஆகவே எண்ணைப் பார்க்காமல், வரி அதன் உயரத்தை நிரப்பும்வரை எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

தமிழுக்கென்று இங்கே ஒரு கவனம் தேவை. "கி", "ரீ" போன்றவற்றின் சுழி மேலே ஏறும். "டு", "மூ" போன்றவற்றின் வால் கீழே இறங்கும். பல செயலிகளின் வரி இடைவெளி ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைந்தது. அப்படியே விட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். வரி இடைவெளியை 1.3 அளவுக்கு ஏற்றுங்கள். சில எழுத்துருக்களில் பெட்டியின் விளிம்பிலேயே சுழி நறுக்கப்பட்டு "கீ" என்பது "கி" போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் எழுத்துருவை மாற்றுங்கள்.

ஒரு வரி 940 அகலத்தைத் தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். சொல்லைக் குறையுங்கள். "பழவேற்காடு ஏரியில் பிடித்தது" இடிக்கிறது என்றால் "பழவேற்காடு ஏரி நண்டு" போதும். செயலி தானாக வரியை உடைக்க விடாதீர்கள். அது "கோட்டைக்குப்" என்று ஒரு வரியும் "பம்" என்று அடுத்த வரியுமாக உடைத்துவிடும்.

எல்லா வரியையும் இடப்பக்கமாகத் தொடங்குங்கள். ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் பொத்தான்கள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். ஷார்ட்ஸில் அந்த வரிசை இன்னும் மேலே ஏறி வரும். போன் எண் கடைசி வரியில் இருப்பதால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். இடப்பக்கம் தொடங்கி ஏறக்குறைய 600 பிக்சலில் எண் முடிந்துவிட்டால் பொத்தான்கள் எட்டாது.

எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். படத்திலுள்ள எண்ணைப் பார்ப்பவர் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்த வேண்டியிருக்கும். ஒரே கோவையாக இருந்தால் இலக்கம் தவறும்.

படிக்க முடியுமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரணப் போன் திரை ஏறக்குறைய 7 செ.மீ. அகலம். அதில் 1080 பிக்சல் அடங்கும் என்றால் 60 பிக்சல் உயர எழுத்து 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். வயதானவரும் படிக்கலாம். அதே படம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சிறுக்கும்போது அந்த எழுத்து 1 மி.மீ.-க்குச் சற்று அதிகமாக மட்டுமே இருக்கும். அங்கே "உயிர் நண்டு" மட்டும்தான் படிக்கக் கிடைக்கும். அதனால்தான் முதல் வரிக்கு அத்தனை உயரம்.

## படி 5: தாய்ப் படத்திலிருந்து மற்ற அளவுகளை வெட்டி எடுங்கள்

தாய்ப் படத்தைப் `PNG` ஆகப் பதிவிறக்குங்கள். எழுத்தின் விளிம்பு `JPG`-ஐவிட அதில் கூர்மையாக இருக்கும். இது அப்படியே ஸ்டேட்டஸுக்கும் ஸ்டோரிக்கும் போகும்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவுக்கு: விலையும் நேரமும் நீக்கிய பிரதியில், மேலிருந்து 155 பிக்சலும் கீழிருந்து 415 பிக்சலும் வெட்டுங்கள். மீதி 1080 × 1350 ஆகும். எழுத்துக் கட்டம் சரியாக நடுவில் வந்து உட்காரும். பக்கத்தில் உள்ள 70 பிக்சல் இடைவெளியில் 34 போனாலும் எழுத்தைத் தொடாது.

வாட்ஸ்அப் குழுக்களுக்கு: அதே 1080 × 1350 வடிவத்தை அனுப்புங்கள், அன்றைய விலையோடு. 1920 உயரப் படத்தைக் குழுவில் போட்டால், அரட்டைத் திரையில் அது மேலும் கீழும் நறுக்கப்பட்டுத்தான் தெரியும். தொட்டுத் திறந்தால் முழுதாகத் தெரியும். ஆனால் எல்லாரும் தொடுவதில்லை.

பொருள் பட்டியலுக்கு: மேலே 290, கீழே 550 வெட்டினால் 1080 × 1080 கிடைக்கும். இதிலும் கட்டம் நடுவில் இருக்கும். இந்தச் சதுரத்தை இன்ஸ்டாகிராமில் மட்டும் போடாதீர்கள். அங்கே பக்கத்துக்கு 135 பிக்சல் போகும். நம் இடைவெளி 70தான். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் தின்னப்படும்.

சுயவிவரப் படத்தின் வட்டத்துக்கு: இந்தப் படம் ஆகாது. வட்டத்தில் நான்கு மூலையும் போய்விடும். எழுத்தே இல்லாமல் ஒரு நண்டு, அல்லது ஒரு படகு, நடுவில் இருக்கும் சதுரப் படம் போதும்.

## படி 6: படுக்கைவாட்டுப் படங்களைத் தனியாகச் செய்யுங்கள்

நெட்டைப் படத்திலிருந்து படுக்கைவாட்டுப் படத்தை வெட்ட முடியாது. 1080 அகலத்தில் 16-க்கு 9 வெட்டினால் உயரம் 608 பிக்சல்தான் வரும். நம் எழுத்துக் கட்டமே 820 உயரம். அதில் கால் பகுதி போய்விடும். ஆகவே புதிதாகச் செய்ய வேண்டும்.

யூடியூப் முகப்புப் படத்தில் (1280 × 720) நண்டை வலப்பக்கமும், மூன்று நான்கு சொற்களை இடப்பக்கமும் வையுங்கள். வலது கீழ் மூலையைக் காலியாக விடுங்கள். வீடியோவின் நீளத்தைக் காட்டும் கறுப்புப் பெட்டி அங்கேதான் வரும். போன் எண்ணை அந்த மூலையில் போட்டவர்கள் கடைசி இலக்கங்களை இழப்பார்கள்.

ஃபேஸ்புக் பக்கத்தின் தலைப்படம் இன்னும் சிக்கலானது. கணினியில் அது 820 × 312 ஆகவும், போனில் 640 × 360 ஆகவும் தெரியும். கணினியில் மேலும் கீழும் குறையும், போனில் பக்கங்கள் குறையும். இரண்டுக்கும் பொதுவாக இருக்க, 820 × 360 வடிவத்தை இரட்டிப்பாக்கி 1640 × 720-இல் செய்து, நடுவிலுள்ள 1280 × 624 பகுதிக்குள் எழுத்தை வையுங்கள். ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும் போதும்.

## படி 7: எல்லாருக்கும் போடும் முன் ஒருவருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸின் தனியுரிமை அமைப்பில் `Only share with...` என்று ஒன்று உண்டு. அதில் வீட்டிலுள்ள ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் `Close friends` என்பதில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு இதையே செய்யலாம்.

சோதிக்கும் போன் உங்களுடையதாக இருக்க வேண்டாம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் பழைய, குட்டையான திரை கொண்ட போனாக இருக்கட்டும். காரணம் இருக்கிறது. இப்போது வரும் போன்களின் திரை 9-க்கு 16-ஐவிட நெட்டையானது. அவற்றில் படத்துக்கு வெளியே மிச்ச இடம் இருப்பதால் பதில் பட்டை அங்கே போய் நின்றுவிடும், எழுத்து தப்பித்துவிடும். பழைய போனில் படம் திரை முழுவதையும் நிரப்பும். பட்டை படத்தின் மேல்தான் விழும். புதுப் போனில் சரியாகத் தெரிவது பழைய போனிலும் தெரியும் என்று நம்ப முடியாது. பழையதில் சரியாக இருந்தால் புதியதில் நிச்சயம் சரியாக இருக்கும்.

ஸ்டேட்டஸில் படத்தோடு தலைப்பு எழுதினால் அதுவும் படத்தின் கீழ்ப்பகுதியை மறைக்கும். ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். எண்ணை அந்த வரியிலும் தட்டி வையுங்கள். படத்திலுள்ள எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. தட்டிய எண்ணைத் தொட்டாலே அழைக்கலாம்.

குழுவாகச் சேர்ந்து விற்பவர்கள் இறுதிப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது, சாதாரணப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் சாதாரணப் படத்தைச் சுருக்கிவிடும். கை மாற மாற எழுத்தின் விளிம்பு கலங்கும். ஆவணமாக அனுப்பினால் அளவு அப்படியே இருக்கும். அவசரத்துக்கு `HD` என்பதையாவது தொட்டு அனுப்புங்கள்.

## என்ன கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரு ஓரத்திலும் எழுத்து நறுக்கப்பட்டிருக்கிறது: சதுரப் படத்தை நெட்டைக் கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். அல்லது ஸ்டோரியில் திரையை நிரப்ப விரலால் பெரிதாக்கியிருக்கிறீர்கள். 1080 × 1920 படத்தைப் பெரிதாக்கவே தேவையில்லை.

மேலும் கீழும் கறுப்பு அல்லது வண்ணப் பட்டை தெரிகிறது: படம் நெட்டையாக இல்லை. இது தவறல்ல. எதுவும் வெட்டுப்படவில்லை என்றுதான் பொருள். தாளில் எழுதிய அறிவிப்பைப் படமெடுத்து அவசரமாகப் போடும்போது இதுவே நல்லது, நிரப்ப முயலாதீர்கள்.

எழுத்து இருக்கிறது, ஆனால் மங்கல்: அளவு தப்பவில்லை, படம் சுருக்கப்பட்டிருக்கிறது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி போடுங்கள்.

பதிவில் சரியாக இருக்கிறது, பக்கத்தின் கட்டத்தில் தலைப்பு பாதிதான் தெரிகிறது: ரீல்ஸின் அட்டைப்படம் கட்டத்தில் மேலும் கீழும் 240 பிக்சல் வெட்டுப்படும். தலைப்பு அதற்கு மேலே இருந்திருக்கும். பத்திரக் கட்டத்துக்குள் வைத்தால் இது நேராது.

## விற்பனைக்கு அல்லாத அறிவிப்புகளுக்கும் இதே கட்டம்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற செய்தி கிராமங்களுக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகளை ஸ்டேட்டஸில் பகிரும்போது தேதியும் நேரமும்தான் செய்தி. அவை கட்டத்தின் முதல் இரண்டு வரியில், நண்டு விளம்பரத்தில் தலைப்புக்குக் கொடுத்த அதே உயரத்தில் இருக்கட்டும். யார் அறிவித்தது என்பது அடுத்த வரி. விளக்கம் எதுவானாலும் படத்துக்கு வெளியே, தட்டச்சு செய்த செய்தியாகப் போகட்டும்.

செயலிகள் தங்கள் பொத்தான்களை அவ்வப்போது நகர்த்தும். 2025-இல் இன்ஸ்டாகிராம் தன் கட்டத்தை மாற்றியது போல இன்னொரு மாற்றம் வரலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிவப்புக் கட்டத்தை நீக்காமலே ஒரு படத்தை, படி 7-இல் சொன்னபடி, ஒருவருக்கு மட்டும் போடுங்கள். பழைய போனில் அதைத் திறந்து, சிவப்பின் மேல் ஏதாவது பொத்தானோ பட்டையோ விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தப் பக்கத்தை அந்த அளவுக்கு உள்ளே இழுத்து, "கட்டம்" கோப்பைத் திருத்திச் சேமியுங்கள். செயலி புதுப்பிக்கப்பட்டு அதன் முகம் மாறியதாகத் தோன்றும்போதெல்லாம் இதைச் செய்தால், மற்ற எண்கள் மறந்துபோனாலும் வேலை நடக்கும்.